நாலு வட்டிக்கு ஒரு ஃபிரிட்ஜ்

நம் ஊரில் வட்டியைச் சதவீதத்தில் பேசுகிறவர்கள் குறைவு. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ‘ரெண்டு வட்டி’, மூன்று ரூபாய் என்றால் ‘மூணு வட்டி’. ரெண்டு வட்டி தெரிந்தவர்களுக்குள் நடக்கும். மூணு வட்டி என்றால் வாங்குகிறவர் கொஞ்சம் தயங்குவார். அதற்கு மேல் போனால், ‘அவன்கிட்டப் போகாதே’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் கணக்கில் கிரெடிட் கார்டை எங்கே வைப்பது?

பரவலாகப் புழங்கும் பல கார்டுகளில் நிலுவைக்கு மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்றரை ரூபாய் வட்டிக்கு வரி 63 காசு. ஆக நூறு ரூபாய்க்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. நாலு வட்டிக்கும் மேலே. கடன் கொடுப்பவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், கையெழுத்துப் போட்ட புரோநோட்டு வேண்டாம், யாரும் ஜாமீன் கேட்பதில்லை. அதனாலேயே இது நாலு வட்டி என்பது வாங்குகிறவருக்கு உறைப்பதில்லை.

மாதா மாதம் பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்கு இந்த வட்டி கிடையவே கிடையாது. நான் இங்கே பார்க்க நினைப்பது ‘மினிமம்’ மட்டும் கட்டும் பழக்கத்தை. இப்படிக் கட்டிக்கொண்டே போனால், வாங்கிய பொருளின் விலையை வட்டி தாண்டிவிடுமா? ‘தாண்டும், ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆகும்’ என்று ஒரு சாரார் பயமுறுத்துவார்கள். ‘அதெல்லாம் இல்லை, மாதம் ரெண்டாயிரம்தானே போகிறது’ என்பார்கள் இன்னொரு சாரார். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் அரைகுறைப் பதில்கள். உங்கள் வங்கி அந்த மினிமத்தை எந்தச் சூத்திரத்தில் கணக்கிடுகிறது, நீங்கள் அந்தக் கார்டில் தொடர்ந்து பொருள் வாங்குகிறீர்களா என்ற இரண்டைப் பொறுத்துப் பதில் முழுதாக மாறிவிடுகிறது.

ஒரு ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். விலை 40,000 ரூபாய். ஏப்ரல் 12ஆம் தேதி கார்டில் வாங்கியாயிற்று. கார்டில் அதற்கு முன் பாக்கி எதுவும் இல்லை. மே 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வருகிறது. கடைசித் தேதி மே 25. மொத்தத் தொகை 40,000, குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 2,000. கையில் அந்த மாதம் நெருக்கடி. 2,000 கட்டியாயிற்று. நாள் தவறவில்லை, அபராதம் இல்லை. மீதி 38,000 தானே, அதற்கு ஒரு மாத வட்டி போட்டால் 1,500 சொச்சம் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள்.

ஜூன் 5ஆம் தேதி வரும் ஸ்டேட்மென்டில் நிற்பது 40,903 ரூபாய். கட்டிய பிறகு கடன் கூடியிருக்கிறது.

இது வங்கியின் தவறு அல்ல. 45 நாள், 50 நாள் வட்டியில்லாத காலம் என்று விளம்பரத்தில் வருகிறதே, அது முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ரத்தாகிவிடும். எனவே வட்டி மே 25இல் தொடங்குவதில்லை, ஏப்ரல் 12இல் தொடங்குகிறது. ஏப்ரல் 12 முதல் மே 25 வரை 43 நாட்களுக்கு முழு 40,000க்கும் வட்டி: ஆண்டுக்கு 42 சதவீதம் என்று நாள்கணக்கில் போட்டால் 1,979 ரூபாய். மே 25 முதல் ஜூன் 5 வரை 11 நாட்களுக்கு 38,000க்கு வட்டி 481. இரண்டும் சேர்த்து 2,460. அதற்கு ஜிஎஸ்டி 443. மொத்தம் 2,903. நீங்கள் கட்டிய 2,000 அந்த வட்டிக்கே போதவில்லை.

இப்படிக் கட்டக் கட்டக் கடன் வளர்வதைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட கிரெடிட் கார்டு நெறிமுறைகளில் ஒரு விதி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் கடன் வளரக் கூடாது, அப்படித்தான் அந்தத் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்கிறது அது. கட்டப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கு வட்டி போடவும் கூடாது. இந்த விதிக்கு உட்பட்டு வங்கிகள் மினிமத்தைக் கணக்கிடும் வழிகளில் இரண்டை மட்டும் பார்ப்போம். இரண்டிலும் ‘5 சதவீதம்’ என்ற சொல் வரும். பெயர் ஒன்றுதான், பலன் வேறு.

முதல் வழியில், அன்றைய மொத்த நிலுவையில் 5 சதவீதம். வட்டி, வரி எல்லாம் அந்த நிலுவைக்குள்ளேயே அடக்கம். இரண்டாவது வழியில், அந்த மாத வட்டியும் வரியும் முழுதாக, அதற்கு மேல் அசலில் 5 சதவீதம். படிக்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஃபிரிட்ஜைக் கொண்டு பார்த்தால் தெரியும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, மேலே சொன்ன முதல் மாதத்தின் கூடுதல் வட்டியை விட்டுவிட்டு, 2,000 கட்டியபின் 38,000க்கு மாதம் 4.13 சதவீதம் என்றே போடுகிறேன். உண்மையில் செலவு இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

முதல் வழியில், இரண்டாம் மாத ஸ்டேட்மென்ட் 39,569 ரூபாய் காட்டும். மினிமம் 1,978. அதில் 1,569 வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது. ஃபிரிட்ஜ் கணக்கில் வரவு வைக்கப்படுவது 409 ரூபாய். கட்டும் ஒவ்வொரு ரூபாயிலும் 79 காசு வட்டி, 21 காசுதான் அசல். நிலுவை குறையக் குறைய மினிமமும் கூடவே குறைகிறது. அது நிம்மதி தருவதுபோல இருக்கும், ஆனால் இந்த விகிதம் மட்டும் கடைசிவரை மாறுவதே இல்லை. ஓர் ஆண்டு முடிவில் 22,600 ரூபாய் கட்டியிருப்பார், கடன் இன்னும் 35,100 நிற்கும். முப்பதாவது மாதத்தில் வட்டியும் வரியும் சேர்ந்து 40,400 ஆகிவிடும். ஃபிரிட்ஜின் விலையை வட்டி தாண்டும் மாதம் அதுதான். அதற்குள் அவர் கையை விட்டுப் போன பணம் 51,500. இன்னும் கட்ட வேண்டியது 28,900. ஃபிரிட்ஜின் விலையில் முக்கால் பங்கு இன்னமும் கடனாகவே இருக்கிறது. இப்படியே போனால் கடன் பத்தில் ஒரு பங்காக, அதாவது 4,000 ரூபாயாகக் குறைய 213 மாதங்கள், கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலுத்தும் வட்டி 1,31,000 ரூபாய் அளவில் இருக்கும். அந்த ஃபிரிட்ஜ் அதற்கு வெகுகாலம் முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இரண்டாவது வழியில், அதே இரண்டாம் மாதத்தில் மினிமம் 3,469 ரூபாயாக எகிறும். 1,569 வட்டியும் வரியும், 1,900 அசலும். ‘போன மாதம் ரெண்டாயிரம், இந்த மாதம் மூவாயிரத்து ஐந்நூறா?’ என்று கோபம்கூட வரும். ஆனால் இந்த வழியில் அசல் மாதம் 5 சதவீதம் கட்டாயம் குறைகிறது. முப்பது மாதத்தில் வட்டி 24,650, பாக்கி அசல் 8,600. எத்தனை காலம் ஓடினாலும் மொத்த வட்டி 31,400ஐத் தாண்டாது. அதாவது வட்டி, விலையைத் தாண்டவே தாண்டாது. அதிகம் கேட்கிறதே என்று நாம் திட்டும் பில், நமக்கு நல்லது செய்யும் பில்லாக இருக்கக்கூடும். எந்த வழி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கார்டோடு வரும் முக்கிய நிபந்தனைகள் தாளில் சூத்திரம் இருக்கும். அதைத் தேட அலுப்பாக இருந்தால், புதிதாக எதுவும் வாங்காத ஒரு மாதத்தின் ஸ்டேட்மென்டை எடுத்து, மினிமத்தை மொத்த நிலுவையால் வகுத்துப் பாருங்கள். சரியாக 5 சதவீதம் வந்தால் முதல் வழி. 8 அல்லது 9 சதவீதம் வந்தால் இரண்டாவது. அந்த மாதம் இஎம்ஐ ஏதாவது ஓடினால் மட்டும் அதைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும், ஏனென்றால் இஎம்ஐ முழுதாக மினிமத்துக்குள் சேர்ந்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். முதல் வழியில் மாட்டியவர், பில் கேட்கும் தொகை குறைந்துகொண்டே வந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல், முதல் மாதம் கட்டிய அதே 2,000ஐ மாதா மாதம் கட்டினால் என்ன ஆகும்? கூடுதலாக ஒரு காசு புதிய தியாகம் இல்லை. பதினெட்டு ஆண்டுக் கதை 39 மாதங்களில் முடிந்துவிடும். மொத்த வட்டி 37,900. அதுவும் அதிகம்தான், இருந்தாலும் விலையைத் தாண்டவில்லை. முதல் மாதத்திலிருந்தே 4,000 கட்டினால் பதின்மூன்று மாதங்களில் முடியும், வட்டி 10,000க்குள். ஆளைக் கெடுப்பது வட்டி விகிதம் மட்டுமல்ல என்பது இதில் தெரிகிறது. மாதா மாதம் இறங்கும் அந்த மினிமம் எண்ணைப் பின்தொடர்ந்து நாமும் இறங்குகிறோமே, கெடுதலில் பாதி அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தின் நீல் ஸ்டூவர்ட் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரே பில்லைச் சிலருக்கு மினிமம் எண்ணோடும் சிலருக்கு அந்த எண் இல்லாமலும் காட்டி, எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார். முழுத் தொகையையும் கட்டுவதாகச் சொன்னவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், எண்ணைப் பார்த்தவர்கள் குறைவாகவே கட்டினார்கள். குறைந்தது இவ்வளவு என்று வங்கி சொன்னது, இவ்வளவு போதும் என்று மனதுக்குள் பதிந்துவிடுகிறது.

ஃபிரிட்ஜ் கணக்கில் ஒரு குறை உண்டு. வாழ்க்கையில் யாரும் கார்டில் ஒரே ஒரு பொருளை வாங்கிவிட்டுப் பதினெட்டு ஆண்டு சும்மா இருப்பதில்லை. மளிகை, பெட்ரோல், ரீசார்ஜ், பிள்ளைக்கு ஒரு ஷூ என்று ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது, எந்தப் பொருளுக்கு எவ்வளவு வட்டி என்று பிரிக்கவே முடியாது. பிரிக்க வேண்டியதும் இல்லை. ஓர் ஆண்டில் எவ்வளவுக்கு வாங்கினேன், அதே ஆண்டில் எவ்வளவு வட்டி கட்டினேன் என்று இரண்டு கூட்டல் போதும்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டின் தொடக்கத்தில் கார்டில் பாக்கி 60,000. மாதம் 2,500 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார், ரொம்பக் கட்டுப்பாடான ஆள். மாதா மாதம் தவறாமல் மொத்த நிலுவையில் 5 சதவீதம் கட்டுகிறார். பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், வாங்கியது 30,000. கட்டியது சுமார் 42,000. வாங்கியதைவிடப் பன்னிரண்டாயிரம் கூடவே கட்டியிருக்கிறார். கடன் குறைந்திருக்க வேண்டுமே? 81,600 ஆகியிருக்கிறது. வட்டியும் வரியும் 33,600.

அந்த ஆண்டு அவர் வாங்கிய அரிசி, பருப்பு, பெட்ரோல், ஷூ எல்லாவற்றையும்விட வட்டிதான் பெரிய செலவு. அதற்கு ரசீது இல்லை, பை இல்லை, வீட்டில் வைக்க இடம் வேண்டாம், அதனால்தான் அது செலவாகவே படுவதில்லை. அந்த 30,000க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் ரிவார்டு கிடைத்திருந்தால் 300 ரூபாய் லாபம் என்றும் எழுதிக்கொள்ளலாம்.

வட்டியில்லாத காலம் போய்விட்டது என்பதும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. பாக்கி உள்ள கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் சலுகை நாள் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி. 6,000 ரூபாய் மளிகையை வாங்கி 45 நாள் கழித்து அந்தப் பணத்தை அடைத்தாலும் வட்டி 311, வரி 56. அதே மளிகையை டெபிட் கார்டிலோ யுபிஐயிலோ வாங்கியிருந்தால் 367 ரூபாய் மிச்சம். கார்டில் பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் எதையும் வாங்காமல் இருப்பது சிக்கனத்தின்பாற்பட்டது அல்ல, வெறும் கழித்தல் கணக்கு. ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுத்தால் முழுத் தொகை கட்டுகிறவருக்குக்கூட முதல் நாளிலிருந்தே வட்டி உண்டு, எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

சொந்தக் கணக்கைப் பார்க்கக் கடந்த பன்னிரண்டு ஸ்டேட்மென்டுகள் வேண்டும். வங்கியின் செயலியிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் முதல் பக்கச் சுருக்கத்தை நம்பிவிடாதீர்கள். சில வங்கிகள் அங்கே வாங்கியவற்றையும் வட்டியையும் ஒரே வரியில் சேர்த்துப் போடுவதுண்டு. உள்ளே பரிவர்த்தனைப் பட்டியலில் FINANCE CHARGES அல்லது INTEREST என்று ஒரு வரி வரும், அதன் அருகிலேயே IGST என்றோ CGST, SGST என்று இரண்டாகவோ வரி வரும், தாமதமானால் LATE PAYMENT FEE வரும். இவை எல்லாவற்றையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். வாங்கியவற்றை இன்னொரு பத்தியில். கட்டிய பணத்தை மூன்றாவது பத்தியில். பொருளைத் திருப்பிக் கொடுத்துக் கடைக்காரர் அனுப்பிய பணமும் வரவுப் பக்கத்தில்தான் நிற்கும். அதைக் கட்டிய பணம் என்று எண்ணிவிட வேண்டாம், வாங்கியதிலிருந்து கழித்துவிட வேண்டும். இஎம்ஐயாக மாற்றியவை இருந்தால், மாதத் தவணையில் அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று தனித்தனியே இருக்கும், அந்த வட்டியும் முதல் பத்திக்கு வர வேண்டும். நம் கூட்டல் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: தொடக்கப் பாக்கியோடு வாங்கியதையும் வட்டியையும் கூட்டி, கட்டியதைக் கழித்தால் கடைசி ஸ்டேட்மென்டின் பாக்கி வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் அது ஆண்டுச் சந்தாவாக இருக்கும்.

மூன்று கூட்டுத்தொகை கிடைத்ததும், கட்டியதிலிருந்து வட்டிப் பத்தியைக் கழியுங்கள். உங்கள் பணத்தில் உண்மையாகக் கடனை அடைக்கப் போனது அந்த மிச்சம்தான். மேலே சொன்னவருக்கு 42,000இல் 33,600 போக மிச்சம் 8,400. இந்த மிச்சம் வட்டியைவிடக் குறைவாக இருந்தால் நிலைமை மோசம் என்று பிரிட்டனில் சட்டபூர்வமாகவே ஓர் அளவுகோல் இருக்கிறது. அங்கே நிதித்துறை ஒழுங்காணையம் 2018இல் கொண்டுவந்த விதிப்படி, பதினெட்டு மாத காலத்தில் ஒருவர் அசலுக்குக் கட்டியதைவிட வட்டிக்கும் கட்டணங்களுக்கும் அதிகமாகக் கட்டியிருந்தால் அவர் ‘விடாக்கடனில்’ இருக்கிறார் என்று பொருள். கார்டு நிறுவனமே அவரைத் தொடர்புகொண்டு, அதிகமாகக் கட்டச் சொல்ல வேண்டும். முப்பத்தாறு மாதமாகியும் மாறாவிட்டால், நியாயமான காலத்துக்குள் அடைக்கத் திட்டம் கொடுக்க வேண்டும், முடியாதவருக்கு வட்டியைக் குறைப்பது, நிறுத்துவது வரை சலுகை காட்ட வேண்டும். நம் மாதிரி ஆளின் 8,400க்கு எதிரே 33,600 என்பது அந்த அளவுகோலை நான்கு மடங்கு தாண்டி நிற்கிறது.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுக் கார்டு சட்டத்துக்குப் பிறகு, ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. மினிமம் மட்டும் கட்டினால் இந்தக் கடன் எத்தனை ஆண்டில் தீரும், மொத்தம் எவ்வளவு ஆகும். மூன்றே ஆண்டில் அடைக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அவரவர் பாக்கிக்கு ஏற்ற எண்களே அதில் இருக்கும். நம் ஸ்டேட்மென்டிலும் எச்சரிக்கை உண்டு. மாதா மாதம் மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும், கூட்டு வட்டி ஏறும் என்று ரிசர்வ் வங்கி சொல்லச் சொன்ன வாசகம். அதில் எண் இல்லை. எத்தனை மாதம், எவ்வளவு ரூபாய் என்று கேட்கிறவருக்கு அது பதில் சொல்வதில்லை. சிகரெட் அட்டையில் உள்ள வாசகத்தைப் போல அதையும் கண் தாண்டிப் போய்விடுகிறது. ‘213 மாதம்’ என்று அச்சிட்டிருந்தால் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்.

இவ்வளவு வட்டி வாங்கலாமா என்று நீதிமன்றத்திலும் கேட்டுப் பார்த்தாயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. வட்டி விகிதத்தை வரையறுப்பது ரிசர்வ் வங்கியின் வேலை, நுகர்வோர் ஆணையத்தின் வேலை அல்ல என்பது அதன் சாரம். வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வங்கிக் கடனை நீதிமன்றங்கள் மறுபடி கிளறக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தெருமுனையில் கொடுப்பவருக்கு அதைக் காட்டலாம், கார்டு வங்கியிடம் காட்டிப் பயனில்லை. ஆகவே விகிதத்தோடு சண்டை போட்டு யாரும் வெல்லப் போவதில்லை. நம் கையில் இருப்பது, எவ்வளவு காலம் அந்த விகிதத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டுமே.

இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ஃபிரிட்ஜை வாங்கிய கையோடு அதே கார்டில் ஆண்டுக்கு 16 சதவீதத்தில் பன்னிரண்டு மாத இஎம்ஐயாக மாற்றியிருந்தால் தவணை 3,629 ரூபாய். மொத்த வட்டி 3,550, அதற்கு ஜிஎஸ்டி 640. நடைமுறைக் கட்டணமும் சேர்த்து 4,500 அளவில் முடிந்துவிடும். நகைக்கடன் இன்னும் மலிவு. நம் வீடுகளில் பீரோவில் நாலு பவுன் சும்மா இருக்கும், கார்டில் நாலு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல், கார்டு பாக்கி யாருக்கும் தெரியாது. அந்த ரகசியத்துக்குத்தான் இவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் இஎம்ஐக்கோ நகைக்கடனுக்கோ மாற்றிவிட்டுக் கார்டில் காலியான இடத்தை மறுபடி நிரப்பினால், ஒரு கடன் இரண்டு கடனாகும். அதை இந்தக் கணக்கு எதுவும் தடுக்காது.

மினிமம் கட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் கையில் பணமில்லை என்றால், ஒன்றும் கட்டாமல் விடுவதைவிட மினிமம் கட்டுவது எவ்வளவோ மேல். தாமதக் கட்டணம் விழாது, சிபில் பதிவில் தவணை தவறியதாக ஏறாது. மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் தவறியதாகக் கருத வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பழக்கமாக ஆகும்போதுதான் சிக்கல். சிலருக்கு அது அவர்கள் தேர்ந்தெடுத்த பழக்கம்கூட இல்லை. கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள ஒப்புதல் கொடுக்கும்போது Total Amount Due, Minimum Amount Due என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். என்றோ ஒருநாள் இரண்டாவதில் விழுந்த டிக், ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பணம் கணக்கில் இருக்கும், பில்லும் கட்டப்பட்டதாகவே காட்டும், வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். கணக்குப் பார்க்க உட்காரும் முன் அந்த டிக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு மாதம் மினிமம் கட்டியவருக்கு எவ்வளவு செலவு என்பதையும் அதே ஃபிரிட்ஜில் பார்த்து முடிக்கலாம். ஜூன் 5ஆம் தேதி ஸ்டேட்மென்டில் 40,903 வந்தது. அவர் சுதாரித்துக்கொண்டு ஜூன் 25இல் அந்த முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார். கணக்கு தீர்ந்தது என்று நினைப்பார். ஜூலை 5ஆம் தேதி, எதுவுமே வாங்காத கார்டுக்கு மறுபடி ஒரு பில் வரும்: 1,032 ரூபாய். ஜூன் 5இல் பில் போட்ட பிறகும் ஜூன் 25 வரை இருபது நாள் அந்த 38,000 பாக்கியாகத்தானே இருந்தது, அதற்கான வட்டி 875, வரி 157. முந்தைய 2,903ஐயும் சேர்த்தால் 3,935. ஒரு மாத அவகாசத்துக்கு ஃபிரிட்ஜின் விலையில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. பலர் இந்தக் கடைசி பில்லைப் பார்த்ததும் வங்கி ஏமாற்றுகிறது என்று கோபப்பட்டு, கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த 1,032க்குத் தாமதக் கட்டணம் விழும், தாமதம் சிபிலுக்குப் போகும். பில் தவறாக இருந்தால் வங்கிக்கு எழுதிக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாக எழுதலாம். ஆனால் எழுதும் முன் இருபது நாள் வட்டியை 38,000க்குப் போட்டு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அந்த பில் சரியாகவே இருக்கும்.